என்.ஆர்.ஓ. டெபாசிட் வட்டியில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஒருவர் உள்ளூர் வங்கியில் என்.ஆர்.ஓ. கணக்கில் டெபாசிட் வைத்திருந்தால், அதற்கு வட்டி வரவு வைக்கும்போதே வங்கி 31.2 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துவிடுகிறது. நூறு ரூபாய் வட்டிக்குக் கைக்கு வருவது 68 ரூபாய் 80 பைசா. இந்தியாவில் வேறு பெரிய வருமானம் இல்லாதவர் சட்டப்படி கட்ட வேண்டிய வரி பல சமயம் இதில் சிறு பங்குதான். சிலருக்கு வரியே கிடையாது. கூடுதலாகப் போன தொகையை வருமான வரித் துறையிடமிருந்து திரும்பப் பெற முடியும். ஆனால் அது தானாக வந்து சேராது. உரிய ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கே அது கிடைக்கும்.

31.2 சதவீதம் எங்கிருந்து வருகிறது

வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் ரூபாயில் வைக்கும் கணக்கில் இரண்டு வகை உண்டு. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கானது என்.ஆர்.இ. கணக்கு. அதற்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் பிடித்தமும் இல்லை. வீட்டு வாடகை, ஓய்வூதியம், பூர்வீகச் சொத்தை விற்ற பணம், ஊரை விட்டுப் போகும் முன் சேர்த்த சேமிப்பு என்று இந்தியாவிலேயே கிடைத்த பணத்துக்கானது என்.ஆர்.ஓ. கணக்கு. இதன் வட்டி இந்தியாவில் வரிக்குரிய வருமானம்.

இந்தியாவில் வசிப்பவரின் டெபாசிட் வட்டிக்கு வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அதுவும் ஆண்டு வட்டி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்பு கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவுப்படி, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிக்கப்படும். இரண்டும் சேர்ந்ததுதான் 31.2 சதவீதம். டெபாசிட்டுக்கு மட்டுமல்ல, என்.ஆர்.ஓ. சேமிப்புக் கணக்கின் வட்டிக்கும் இதே விகிதம்தான். வருமானம் குறைவு என்று சொல்லிப் பிடித்தத்தைத் தவிர்க்க உள்நாட்டில் வசிப்பவர்கள் கொடுக்கும் 15ஜி, 15எச் படிவங்களை வெளிநாட்டில் வசிப்பவர் கொடுக்க முடியாது.

இவ்வளவு உயர்ந்த விகிதம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவரின் மொத்த இந்திய வருமானம் எவ்வளவு என்பது வங்கிக்குத் தெரியாது. அவர் நாட்டுக்கு வெளியே இருப்பதால், பிறகு தேடிப்பிடித்து வரி வசூலிப்பதும் கடினம். ஆகவே அதிகபட்ச விகிதத்தில் முன்கூட்டியே பிடித்து அரசிடம் கட்டிவிடும்படி சட்டம் வங்கிக்குக் கட்டளையிடுகிறது. இந்தப் பிடித்தம் வரியின் இறுதிக் கணக்கு அல்ல. அவர் பெயரில் அரசிடம் கட்டிவைத்த முன்பணம் மட்டுமே. ஆண்டு முடிந்ததும் மொத்த வருமானத்துக்கு உண்மையில் எவ்வளவு வரி என்று கணக்கிட்டு, அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தால் மிச்சத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் வங்கி அல்ல. பிடித்த தொகையை வங்கி பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டிவிடுகிறது. அதன்பின் கிளை மேலாளரிடம் எத்தனை முறை முறையிட்டாலும் பயன் இல்லை. அவர் கையில் அந்தப் பணம் இல்லை.

ஒரு கணக்கு

துபாயில் பணிபுரியும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பூர்வீக நிலத்தில் தன் பங்கை விற்றுக் கிடைத்த 60 லட்சம் ரூபாயை என்.ஆர்.ஓ. டெபாசிட்டாக 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறார். 2025-26 நிதியாண்டில் டெபாசிட் வட்டி 4,20,000 ரூபாய், சேமிப்புக் கணக்கு வட்டி 10,000 ரூபாய். மொத்தம் 4,30,000 ரூபாய். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லை. துபாய்ச் சம்பளம் இந்திய வரிக்கணக்கில் வராது.

வங்கி 31.2 சதவீதம் பிடித்ததில் போனது 1,34,160 ரூபாய்.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. இந்த வரம்பு வெளிநாட்டில் வசிப்பவருக்கும் பொருந்தும். மீதி 30,000 ரூபாய்க்கு 5 சதவீதம் வரி 1,500 ரூபாய். செஸ் 60 ரூபாய். ஆக, உண்மையான வரி 1,560 ரூபாய். திரும்ப வர வேண்டியது 1,32,600 ரூபாய்.

ஓர் ஐயம் இங்கே எழும். புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்களே, அப்படியானால் 1,560 ரூபாய் எதற்கு? 12 லட்சம் வரை வரி இல்லாமல் போவது 87ஏ பிரிவில் கிடைக்கும் வரித் தள்ளுபடியால். அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 4 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்கு உட்பட்டது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் வரியில்லா வரம்பு 2.5 லட்சம்தான். மூத்த குடிமக்களுக்கு அந்த முறையில் உள்ள கூடுதல் வரம்பும் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. காப்பீடு, வீட்டுக்கடன் போன்ற கழிவுகள் நிறைய உள்ளவர் தவிர மற்றவர்களுக்குப் புதிய முறையே லாபம்.

ஒப்பந்த விகிதம் எப்போது கைகொடுக்கும்

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் முழு வரி வாங்கிவிடாமல் இருக்க இந்தியா பல நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துள்ளது. வட்டிக்கு இந்தியா அதிகபட்சம் எவ்வளவு வரி வாங்கலாம் என்று ஒவ்வோர் ஒப்பந்தமும் வரையறுக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிக்கும் தனிநபருக்கு இது 12.5 சதவீதம். சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் வசிப்பவருக்கு 15 சதவீதம். மலேசியா, குவைத், கத்தார், ஓமன் நாடுகளில் வசிப்பவருக்கு 10 சதவீதம். இந்த விகிதத்தின் மேல் செஸ் சேராது.

சட்டத்தின் 90ஆம் பிரிவு, உள்நாட்டுச் சட்டமோ ஒப்பந்தமோ எது வரி செலுத்துபவருக்குச் சாதகமோ அதைப் பின்பற்ற அனுமதிக்கிறது. ஒப்பந்தம் என்றாலே குறைந்த வரி என்று பலரும் எண்ணுவதுண்டு. திருநெல்வேலிக்காரரின் கணக்கு அதைப் பொய்யாக்குகிறது. ஒப்பந்த விகிதம் மொத்த வட்டிக்கும் பொருந்தும். வரியில்லா வரம்பு அதில் கழியாது. 4,30,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம் 53,750 ரூபாய். சாதாரண அடுக்கு முறையில் அவர் வரி 1,560 ரூபாய்தான். ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டால் அவருக்கு நஷ்டம் 52,000 ரூபாய்க்கு மேல்.

இந்தியாவில் வேறு வருமானம் சேரும்போது நிலைமை தலைகீழாகும். அதே மனிதருக்கு வீட்டு வாடகையில், கழிவுகள் போக, 15 லட்சம் ரூபாய் வருமானம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் வரியும் செஸ்ஸும் 1,09,200 ரூபாய். வட்டியையும் அதே அடுக்கில் சேர்த்தால் மொத்தம் 1,93,440 ரூபாய். அதாவது வட்டியால் கூடும் வரி 84,240 ரூபாய். ஒப்பந்த விகிதத்தில் வட்டிக்கு 53,750 ரூபாய் போதும். இங்கே ஒப்பந்தம் 30,490 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. வாடகை போன்ற வருமானம் வரியில்லா வரம்பையும் கீழ் அடுக்குகளையும் நிரப்பிவிட்டால், வட்டி மேல் அடுக்கில் போய் உட்காரும். அப்போதுதான் ஒப்பந்தம் பயன்படும். வட்டி மட்டுமே வருமானம் என்றால், அமீரகத்தில் வசிப்பவருக்கு அது ஆண்டுக்குச் சுமார் 23 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை அடுக்கு முறையே லாபம்.

ஒப்பந்த விகிதத்தைக் கேட்பவர் தான் வசிக்கும் நாட்டின் வரித் துறையிடமிருந்து வரி வதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அமீரகத்தில் இதை மத்திய வரி ஆணையம் வழங்குகிறது. சிங்கப்பூரில் உள்நாட்டு வருவாய் ஆணையம். அமெரிக்காவில் வருமான வரித் துறை 6166 என்ற படிவமாகத் தருகிறது. இதோடு இந்திய வருமான வரி இணையதளத்தில் 10எஃப் படிவத்தையும் மின்வழியில் தாக்கல் செய்ய வேண்டும். அமீரக ஒப்பந்தத்தின்படி அங்கு வசிப்பவராகக் கருதப்பட, அந்த ஆங்கில நாட்காட்டி ஆண்டில் குறைந்தது 183 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். சான்றிதழ் பெற நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. அடுக்கு முறையில் வரி கணக்கிட்டு மிச்சம் கேட்பவருக்கு இந்த இரண்டு ஆவணங்களும் தேவையில்லை.

தாக்கலுக்கு முன் பார்க்க வேண்டியவை

வங்கி எவ்வளவு பிடித்தது என்று டெபாசிட்தாரர் சொல்வதை வரித் துறை அப்படியே ஏற்காது. வங்கி துறைக்குக் கொடுத்த கணக்கில் அது பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பிடித்த வரியை வங்கி காலாண்டுதோறும் 27கியூ என்ற அறிக்கையில் காட்டுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் அறிக்கைக்குக் கெடு மே 31. அதன்பிறகே முழு ஆண்டின் பிடித்தமும் டெபாசிட்தாரரின் 26ஏ.எஸ். பக்கத்தில் தெரியும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் கடைசிக் காலாண்டின் பிடித்தம் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு தொடங்குவது பாதுகாப்பு.

வங்கி தரும் 16ஏ சான்றிதழ், 26ஏ.எஸ்., ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வட்டித் தொகையும் பிடித்த தொகையும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழில் இருக்கும் தொகை 26ஏ.எஸ்.ஸில் இல்லாவிட்டால், பெரும்பாலும் வங்கி பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கும், அல்லது அந்தக் கணக்கில் பான் எண்ணே சேர்க்கப்பட்டிருக்காது. வங்கி திருத்த அறிக்கை தாக்கல் செய்தால்தான் இது சரியாகும். திருத்தம் ஏறும் வரை அந்தத் தொகைக்கான கோரிக்கை நிராகரிக்கப்படும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, பிடித்தம் எந்தப் பிரிவின் கீழ் காட்டப்பட்டிருக்கிறது என்பது. 195 என்று இருந்தால் வங்கி அவரை வெளிநாட்டில் வசிப்பவராக நடத்தியிருக்கிறது. 194ஏ என்று இருந்து 10 சதவீதம் மட்டும் பிடித்திருந்தால், ஊரை விட்டுப் போன பின்னும் கணக்கு பழையபடி உள்நாட்டுக் கணக்காகவே ஓடுகிறது என்று பொருள். வெளிநாடு சென்றதும் அதை என்.ஆர்.ஓ.வாக மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை என்றாலும் வரிக்கணக்கில் தன்னை வெளிநாட்டில் வசிப்பவர் என்றே காட்ட வேண்டும். கணக்கின் பெயர் எதுவாக இருந்தாலும், நாள் கணக்கே வதிவு நிலையைத் தீர்மானிக்கிறது.

அந்த நாள் கணக்கின் முதல் விதி, ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தவர் அந்த ஆண்டுக்கு இந்தியாவில் வசிப்பவர் என்பது. வேலையை முடித்துக்கொண்டு ஆகஸ்டில் ஊர் திரும்பி இங்கேயே தங்கிவிட்டவர் இந்த விதிக்குள் வருவார். அவருடைய டெபாசிட் அந்த ஆண்டு முழுவதும் என்.ஆர்.ஓ. பெயரிலேயே இருந்து 31.2 சதவீதம் பிடிக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் வரிக்கணக்கில் அவர் இந்தியாவில் வசிப்பவர்தான்; 87ஏ தள்ளுபடியும் அவருக்கு உண்டு. இப்படிப்பட்டவருக்குப் பிடித்த தொகை முழுவதுமே திரும்பக் கிடைப்பதுண்டு. இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள இந்தியக் குடிமக்கள் விடுமுறைக்கு வந்து தங்கினால் 120 நாள் என்ற தனி விதியும் உண்டு. ஆகவே பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து நாட்களை எண்ணிய பிறகே படிவத்தைத் தொட வேண்டும்.

படிவத்தை நிரப்புவது

வெளிநாட்டில் வசிப்பவர், தொழில் வருமானம் இல்லாதவரானால், ஐ.டி.ஆர். 2 என்ற படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். எளிய படிவமான ஐ.டி.ஆர். 1 இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே உரியது. இந்தப் பணி முழுவதும் இணையதளத்தில் பான் எண்ணை வைத்து உள்நுழைந்து செய்வது.

முதல் பகுதியில் வதிவு நிலையை வெளிநாட்டில் வசிப்பவர் என்று தேர்ந்து, எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதைப் பதிய வேண்டும். வட்டி வருமானம் ‘பிற வருமானங்கள்’ என்ற பகுதியில் வரும். இங்கே பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையை எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. எழுத வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய முழு வட்டி. திருநெல்வேலிக்காரர் டெபாசிட் வட்டியாக 4,20,000 என்றும் சேமிப்பு வட்டியாக 10,000 என்றும் தனித்தனியே பதிய வேண்டும். ஒப்பந்த விகிதத்தைக் கோருபவர் மட்டும், இதே பகுதியில் சிறப்பு விகிதத்துக்குரிய வருமானத்துக்கான அட்டவணையில் நாடு, ஒப்பந்தத்தின் வட்டிக்கான சரத்து, விகிதம், வதிவுச் சான்றிதழ் உள்ளதா என்ற விவரங்களை நிரப்ப வேண்டும். வட்டியைச் சாதாரண வரிசையில் போட்டுவிட்டால் மென்பொருள் அடுக்கு முறையிலேயே வரி கணக்கிடும்.

பிடித்த வரிக்கான பகுதியில் 26ஏ.எஸ்.ஸில் உள்ளபடியே வங்கியின் டி.டி.எஸ். பதிவு எண்ணும் தொகையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது தானாக நிரம்பி வரும். முடிவில் திரும்பப் பெற வேண்டிய தொகையைப் படிவமே காட்டும். அது 1,32,600 என்று வந்தால் கணக்கு சரி.

வெளிநாட்டுச் சம்பளத்தையும் அங்குள்ள வங்கிக் கணக்குகளையும் காட்ட வேண்டியிருக்குமோ என்ற அச்சத்தில் சிலர் தாக்கலையே தவிர்க்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்து அங்கேயே வாங்கும் சம்பளத்துக்கு அவர் இந்தியாவில் வரி செலுத்த வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையும் இந்தியாவில் வசிப்பவர் நிரப்ப வேண்டியதுதான்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆதார் எண்ணோடு இணைந்த இந்தியக் கைப்பேசி இணைப்பு இல்லாதவர்கள் இந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் வங்கியின் நெட் பேங்கிங் வழியாக வரித் துறைத் தளத்துக்குள் நுழைந்து உறுதிசெய்யலாம். அல்லது ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டுப் பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்கு அனுப்பலாம். 30 நாள் கடந்தால், உறுதிசெய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஜூலையில் தாக்கல் செய்தும், உறுதிசெய்யத் தாமதித்ததால் கெடு தவறியவராகிவிட நேரும்.

பணம் வந்து சேர்வதும் தடைபடுவதும்

உறுதிசெய்த கணக்கைப் பெங்களூர் மையம் கணினி வழியாகச் சரிபார்த்து, 143(1) பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பும். அதில் தாக்கல் செய்தவரின் கணக்கும் துறையின் கணக்கும் அருகருகே இருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் தொகை வங்கிக் கணக்குக்கு வரும். துறையின் பத்தியில் பிடித்த வரி குறைவாக இருந்தால், அந்தத் தொகை 26ஏ.எஸ்.ஸில் ஏறவில்லை என்று அறியலாம். வங்கியைத் திருத்தச் சொல்லி, அதன்பின் 154ஆம் பிரிவின்கீழ் திருத்த மனு போட வேண்டும்.

பணம் காசோலையாக வராது. பான் எண்ணோடு இணைந்து, வரித் துறைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் வரும். என்.ஆர்.ஓ. கணக்கையே இதற்குத் தரலாம். வங்கியில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் வேறுபட்டால் சரிபார்ப்பு தோற்கும். தமிழ்நாட்டவருக்கு இது புதிதல்ல. முதலெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருக்கும். ஓர் ஆவணத்தில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வதே நிலையான தீர்வு. பணம் ஒருமுறை திரும்பிப் போய்விட்டால், கணக்கைச் சரிசெய்தபின் தளத்திலேயே மறுவழங்கல் கோரிக்கை வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை, பான் செயலிழப்பது. ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவை ஆயின. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் துறையின் பதிவேட்டில் அவர் இன்னும் இந்தியாவில் வசிப்பவராகவே இருந்தால், விலக்கு இருந்தும் பான் முடங்கியிருக்கும். பான் செயலற்றிருக்கும் வரை கூடுதல் வரி திரும்பக் கிடைக்காது. அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. பாஸ்போர்ட் நகல் போன்ற சான்றுகளுடன் தனக்குரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதி வதிவு நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பான் இயங்குகிறதா என்பதைத் தாக்கலுக்கு முன்பே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஆண்டுகளில் ஏதேனும் வரி பாக்கி இருப்பதாகத் துறையின் பதிவில் இருந்தால், 245ஆம் பிரிவின்கீழ் அதை இந்தத் தொகையில் கழித்துக்கொள்ள அறிவிப்பு வரும். பாக்கி தவறானது என்றால் அந்த அறிவிப்பில் கொடுத்த நாட்களுக்குள் மறுப்பைப் பதிய வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் கழித்துவிடுவார்கள்.

கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்குத் துறை மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி சேர்த்துத் தருகிறது. நிதியாண்டு முடிந்த ஏப்ரல் 1 முதல் தொகை வழங்கப்படும் வரை இது கணக்கிடப்படும். திருநெல்வேலிக்காரருக்குச் செப்டம்பரில் பணம் வந்தால் ஆறு மாதத்துக்கு 3,978 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வட்டி, கிடைத்த ஆண்டின் வருமானத்தில் சேர்க்கப்பட வேண்டியது.

கெடு தவறினால்

ஐ.டி.ஆர். 2 தாக்கலுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு, நிதியாண்டு முடிந்த பின் வரும் ஜூலை 31. அதைத் தவறவிட்டவர் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்யலாம். தாமதக் கட்டணம், மொத்த வருமானம் 5 லட்சம் வரை உள்ளவருக்கு 1,000 ரூபாய். அதற்கு மேல் 5,000 ரூபாய். துறை தரும் வட்டியும் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் ஓடும்.

டிசம்பர் 31உம் கடந்துவிட்டால் சாதாரண வழி அடைபடுகிறது. அதன்பின் தாக்கல் செய்ய இடம் தரும் ‘புதுப்பித்த கணக்கு’ என்ற வசதியைக் கூடுதல் வரி கட்டப் பயன்படுத்தலாமே தவிர, கட்டியதைத் திரும்பக் கேட்கப் பயன்படுத்த முடியாது. எஞ்சியிருக்கும் வழி ஒன்று. 119(2)(பி) பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு செய்யலாம். 2024 அக்டோபர் 1 அன்று நேரடி வரிகள் மத்திய வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மனு வர வேண்டும். 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் முடிவு செய்வார். தாமதத்துக்கு நியாயமான காரணமும் மனுதாரருக்கு உண்மையான இடர்ப்பாடும் இருந்ததைச் சான்றோடு காட்ட வேண்டும். மனு ஏற்கப்பட்டாலும் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது.

வசிக்கும் நாட்டில் கழித்துக்கொள்ள முடியாதா?

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வசிப்பவர் இந்திய வட்டியை அங்கேயும் காட்டி வரி செலுத்துகிறார். இந்தியாவில் போன வரியை அங்கே கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. இந்தியாவில் பிடித்த 31.2 சதவீதத்தையும் அங்கேயே கழித்துவிட்டால் இங்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாமே என்று தோன்றலாம். அது செல்லாது. இந்தியாவில் கேட்டால் திரும்பக் கிடைக்கக்கூடிய தொகையை அந்த நாடுகள் செலுத்திய வரியாக ஏற்பதில்லை. இந்தியச் சட்டப்படி இறுதியில் கட்ட வேண்டிய வரி எவ்வளவோ அதையே, ஒப்பந்த வரம்புக்கு உட்பட்டு, கழிக்க விடுகின்றன. கூடுதலாகப் பிடித்ததை இந்தியாவில்தான் கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பிடித்தத்தைக் குறைக்க

ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பப் பெறுவதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நிதியாண்டின் தொடக்கத்திலேயே வரி வதிவுச் சான்றிதழ், 10எஃப் ஒப்புகை, வங்கி கேட்கும் சுய உறுதிமொழி ஆகியவற்றை வங்கியில் கொடுப்பது. அப்போது வங்கி 31.2க்குப் பதில் ஒப்பந்த விகிதத்தில் பிடிக்கும். திருநெல்வேலிக்காரர் விஷயத்தில் பிடித்தம் 1,34,160 ரூபாயிலிருந்து 53,750 ரூபாயாகக் குறையும். மிச்சத்தைக் கணக்குத் தாக்கலில் பெறலாம். வங்கியில் ஒப்பந்த விகிதம் கேட்டதால் பிறகு அடுக்கு முறைக்கு மாறக் கூடாது என்று இல்லை. இந்த ஆவணங்களை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்த காலாண்டுக்கு இவை பயன்படாது.

இரண்டாவது, 197ஆம் பிரிவின்கீழ் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு மின்வழியில் விண்ணப்பிப்பது. வருமான விவரங்களைப் பார்த்து சர்வதேச வரிப் பிரிவின் அதிகாரி, குறிப்பிட்ட வங்கி குறிப்பிட்ட விகிதத்தில் மட்டும் பிடித்தால் போதும் என்று சான்று தருவார். அது அந்த நிதியாண்டுக்கும் அந்த வங்கிக்கும் மட்டுமே செல்லும். வட்டி பெரிய தொகையாக உள்ளவருக்கு இந்த உழைப்பு தகும்.

மூன்றாவது, பணத்தை இடம் மாற்றுவது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை என்.ஆர்.ஓ.வில் போட்டு வரி கட்டுவோர் பலர், அது என்.ஆர்.இ. கணக்கில் இருக்க வேண்டிய பணம். என்.ஆர்.ஓ.வில் உள்ள பணத்தையும், அதற்குரிய வரி கட்டியிருந்தால், உரிய படிவங்களுடன் நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரம்புக்குள் என்.ஆர்.இ. கணக்குக்கு மாற்ற ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிக்கின்றன. மாற்றிய பின் அங்கே வைக்கும் டெபாசிட்டின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அன்று முதல் ஈட்டும் வட்டிக்கு மேலே சொன்ன பிரிவுகளின் எண்கள் மாறும். 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வட்டிக்கும் அதில் பிடித்த வரிக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டமே தொடர்ந்து பொருந்தும்.